காசேஷனுக்கு என்ன சொல்? மூன்று பேர் போன பைக்கை வைத்து ஒரு கேள்வி

அன்புள்ள நண்பர்களே,
கவனக்குறைவு வழக்குகள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். டியூட்டிக்குக் ‘கவனக் கடமை’, பிரீச்சுக்குக் ‘கடமை மீறல்’ என்று போட்டாகிவிட்டது. காசேஷனுக்கு வெறும் ‘காரணம்’ போதாதா?
– மலர்விழி

மலர்,
போதாது. முகம்மது சித்திக் வழக்கைப் பாருங்கள், உச்ச நீதிமன்றம், 2020. ஒரே பைக்கில் மூன்று பேர். பின்னால் வந்த கார் இடித்து, பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். மூவராகப் போனது அவர் தப்பும்தான் என்று உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் 10 சதவீதம் கழித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டத்தை மீறியது உண்மை. ஆனால் அந்த மீறல் விபத்துக்கோ அடியின் கடுமைக்கோ பங்களித்தது என்று யாரும் நிரூபிக்கவில்லையே!

ஆக, மீறல் கையில் இருந்தும் ஒன்று குறைகிறது. அந்தக் குறைகிற கண்ணிக்குத்தான் பெயர் வேண்டும். ‘காரணத் தொடர்பு’ என்று வைக்கலாம்.
– ராமநாதன்

ஐயா, 30 வருஷம் ஸ்டேஷனில் எழுதினவன் நான். “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்று ஒரு வரி எழுதினால் எல்லாம் அடங்கிவிடும். இதற்கெதற்குப் புதுச்சொல்?
– தங்கராசு

தங்கராசு அண்ணே, அந்த வரி டிரைவர் எப்படி ஓட்டினார் என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் அடிபட்டதா என்பது தனிக் கேள்வி.
– ராமநாதன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் தம்பியை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எதிர்த்தரப்பு வக்கீலோ “ஹெல்மெட் போடவில்லையே” என்பதையே பிடித்துக்கொண்டு தொங்கினார். காலுக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்?
– செல்வி

செல்வி, சரியான இடத்தில் கைவைத்தீர்கள். ஹெல்மெட் போட்டிருந்தாலும் வேன் இடித்திருக்கும், கால் முறிந்திருக்கும். தலையில் அடிபட்டிருந்தால் பேச்சு வேறு: அப்போதும் ஹெல்மெட் இல்லாததால் விபத்து நடக்கவில்லை, ஆனால் காயம் பெரிதாகியிருக்கலாம். அப்படியானால் தொடர்பு விபத்தோடா, காயத்தோடா என்று இரண்டாகப் பிரிகிறது. ‘காரணத் தொடர்பு’ என்ற ஒற்றைச் சொல் இதைத் தாங்குமா என்று எனக்கே இப்போது சந்தேகம்.
– ராமநாதன்

‘ஏதுத் தொடர்பு’ என்றால் என்ன? ‘ஏது’ காரணம் என்ற பொருளில் தருக்க நூல்களில் புழங்கிய சொல்.
– இளங்கோ

இளங்கோ, கோர்ட்டில் “ஏதுத் தொடர்பு” என்றால் “ஏது தொடர்பு?” என்று கேட்கிறீர்கள் என்றுதான் ஜட்ஜ் நினைப்பார் :-)
– தங்கராசு

இப்போதைக்குக் ‘காரணத் தொடர்பு’ என்றே போடுகிறேன். எதோடு என்பதை வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த சிக்கல் டேமேஜ். ‘சேதம்’ என்றால் வண்டி பம்பர்தான் ஞாபகம் வருகிறது, முறிந்த காலுக்கு ஒட்டவில்லை. ‘இழப்பீடு’ என்றால் அது கோர்ட் கொடுக்கும் பணம். ‘கேடு’ எப்படி?
– மலர்விழி