நுனி காலியா வந்த கதிர் படம்: புழுவா, மணியே பிடிக்கலையா?

மானாவாரி:
குரூப்ல வந்த அந்த மக்காச்சோளப் படம் இன்னும் உறுத்துது. மட்டை உரிச்ச கதிர், நுனியில ரெண்டு அங்குலம் மணி இல்லை. எல்லாரும் "படைப்புழு, மருந்து அடிங்க"ன்னுட்டாங்க. பெரிசாக்கிப் பார்த்தா அந்த இடத்துல குட்டி மொட்டுகள் வரிசை கலையாம நிக்குது. புழு தின்ன இடத்துல வரிசை மிஞ்சாது. பாதி கடிச்ச மணி, ஈர எச்சம், அதுல ஒட்டின பட்டு இழைன்னு ஏதாவது கிடக்கும். இங்க ஒண்ணுமில்லை.

உடுமலை வயல்:
மகரந்தம் சேரலை, அவ்வளவுதான். கதிரோட அடிப்பக்கத்துப் பட்டு முதல்ல வெளிய வரும், நுனிப் பட்டு கடைசி. அதுக்குள்ள ஆண் பூ கொட்டி முடிஞ்சிருக்கும். அடுத்த போகத்துக்கு போரான் அடிங்க.

கதிர்நோக்கி:
பாதிதான் சரி. மொட்டு தட்டையா, வெளுப்பா இருந்தாத்தான் மகரந்தம் சேரலைன்னு அர்த்தம். கொஞ்சம் உப்பி, பிறகு மஞ்சளாச் சுருங்கியிருந்தா மணி பிடிச்சிருக்கு. தண்ணியோ தழைச்சத்தோ பத்தாம செடியே அதைக் கைவிட்டிருக்கு. மண்ணைச் சோதிக்காம போரான் எதுக்கு?

சந்தேகம் இருந்தா பட்டு வந்து ஒரு வாரத்துல ஒரு கதிரை ஒடிச்சு, மட்டையை நீளவாக்குல கீறி, பட்டு இழையை இழுக்காம உரிச்சு, மெதுவா உலுக்குங்க. மகரந்தம் சேர்ந்த மணியோட பட்டு ரெண்டு மூணு நாள்ல கழண்டுடும், உலுக்கினா உதிரும். சேராதது ஒட்டிக்கிட்டே நிக்கும். அந்த நிலையில படம் எடுத்தா வாதமே வேண்டாம்.

தோட்டத்துக்காரர்:
எங்க வயல்லயும் நுனி காலி. கிளி கொத்துது. என்ன செய்யலாம்?

கதிர்நோக்கி:
அது வேற கதை. ஆனா உரிக்காத கதிரையும் படம் எடுக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். கிளின்னா மட்டை நார் நாரா கிழிஞ்சிருக்கும். பக்கவாட்டுல ஓட்டை போட்டிருந்தா படைப்புழு மேல சந்தேகம். பச்சைக் காய்ப்புழு பெரும்பாலும் பட்டு வழியா நுனியில நுழையும், மட்டை முழுசா இருக்கும். ஆனா படைப்புழுவும் நுனி வழியா போகும், அதனால ஓட்டை இல்லைன்னு அதை விட்டுடக் கூடாது.

மலைச்சரிவு:
கரிப்பூட்டை நோயை யாரும் சொல்லலையே. குளிர்ந்த மலைப்பக்கத்துப் படம் ஒண்ணுல மணி விட்டுப்போன இடத்துக்கு நடுவுல சாம்பல் வெள்ளையில வீங்கின கட்டிகள். ரெண்டும் ஒண்ணா வந்தது தற்செயல் இல்லை. பூஞ்சணம் பட்டு வழியா இறங்குது. மகரந்தம் சேர்ந்தா பட்டோட அடி சுருங்கி வழி அடைபடும். சேராத பட்டு நாளாகியும் பச்சையா திறந்தே கிடக்கும். கடிபட்ட மணி மேல கறுப்புத் தூள் மட்டும் இருந்தா அது புழு போன பிறகு வந்த பூசணமா இருக்கலாம். கரிப்பூட்டைன்னா முதல்ல தோல் மூடின கட்டி, அது வெடிச்ச பிறகுதான் தூள்.

மானாவாரி:
என் படத்துல கட்டி இல்லை. மஞ்சள் பல்பு வெளிச்சத்துல எடுத்தது, மொட்டு வெளுப்பா மஞ்சளான்னே தெரியலை. பகல்ல, பக்கவாட்டுல இருந்து இன்னொண்ணு கேட்டிருக்கேன்.

உடுமலை வயல்:
போரான் குறைஞ்சாலும் மணி பிடிக்காது, அதை மறுக்க முடியாது.