பார்பரோசா மின்ஸ்கைத் தாண்டவில்லை: ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 சப்ளை, உதவி தேவை

ரூபன், கல்லடி

இரண்டாம் உலகப் போர் கணினி விளையாட்டான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 நன்றாகப் பழகியவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். இந்த வகை விளையாட்டுக்கு நான் புதியவன் இல்லை. யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 மட்டும் 1,400 மணித்தியாலம் விளையாடியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இதற்குள் இறங்கினேன். ஜெர்மனியாக மூன்றாவது தடவையும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

1941 ஜூன் 22, வரலாற்றுத் திகதியிலேயே சோவியத் யூனியன் மீது போர் அறிவித்து பார்பரோசாப் படையெடுப்பைத் தொடங்கினேன். முதல் மூன்று வாரம் எல்லாம் ஓடின. மின்ஸ்க் கைக்கு வந்தது. ஸ்மொலென்ஸ்க் பக்கம் திரும்பியதும் படை அப்படியே நின்றுவிட்டது. சண்டையில் தோற்கவில்லை, எதிரியிடம் பெரிய படையும் இல்லை. டிவிஷன்களின் மேல் சப்ளை இல்லை என்ற சிவப்புக் குறி. ஆர்கனைசேஷன் ஏறுவதே இல்லை, டேங்குகள் மாட்டுவண்டி வேகத்தில் போகின்றன.

செய்து பார்த்தவை: மின்ஸ்குக்குக் கிழக்கே நெருக்கமாகக் குவிந்திருந்த 48 டிவிஷன்களை ஒன்பது கட்டங்களுக்குப் பிரித்து விட்டேன். யூரோப்பாவில் ஒரு மாகாணத்தில் படை கூடிப்போனால் பக்கத்து மாகாணத்துக்குப் பிரித்தால் சேதம் நின்றுவிடும். இங்கே ஒரு மாற்றமும் இல்லை. என்னத்தைப் பார்க்காமல் விடுகிறேன்?

கஜன், களுவாஞ்சிக்குடி

மச்சான், ட்ரக் பிரச்சினைதான். F4 அழுத்து, சப்ளை மேப் வரும். படைக்குச் சாமான் பிரித்து அனுப்புகிற ஹப் ஒவ்வொன்றிலும் குதிரைக்குப் பதிலாக ட்ரக்கை வை. எனக்கு ஆபிரிக்காவில் இப்படித்தான் சரிவந்தது. வேறொன்றும் யோசிக்காதே.

ரூபன், கல்லடி

கஜன், அதைத்தான் நேற்று இரவு செய்தேன். எல்லா ஹப்பையும் ட்ரக்குக்கு மாற்றினேன். இரண்டு வாரத்தில் கையிருப்பு பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. இப்போது மோட்டரைஸ்ட் டிவிஷன்களுக்கும் வண்டி இல்லை. முன்னணி நகரவும் இல்லை. இருந்ததும் போச்சு.

சுதன், ஆரையம்பதி

எனக்கும் அதே மாதிரித்தான், 1943 தாண்டினால் படை நகர மாட்டேன் என்கிறது. ஒரு நாள் போக அரை நிமிடம். 8 ஜிபி ராம், பழைய லப்டொப். ராம் கூட்டினால் சரிவருமா?

கஜன், களுவாஞ்சிக்குடி

சுதன், உன்னுடையது லப்டொப் நகராதது. அவனுடையது டிவிஷன் நகராதது. 😄

நௌபர், கல்முனை

ரூபன் தம்பி, ஒரு கேள்வி மட்டும். சப்ளை மேப்பில் மின்ஸ்க் ஹப்பின் மேலேயே, அல்லது அதற்கு ஒட்டிய கட்டத்தில் நிற்கிற டிவிஷனைப் பாருங்கள். அதுவும் சிவப்பா? அல்லது ஹப்புக்குப் பக்கத்தில் நன்றாக இருந்து, கிழக்கே போகப் போகத்தான் சிவக்கிறதா?

ரூபன், கல்லடி

நௌபர் காக்கா, ஹப்பின் மேல் நிற்பதும் சிவப்புத்தான். அதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது.

நௌபர், கல்முனை

அப்படியென்றால் ட்ரக் பிரச்சினை இல்லை. கஜன் சொன்னதில் பாதி சரி. ட்ரக் செய்வது ஒன்றே ஒன்று: ஹப்புக்கு வந்து சேர்ந்த சாமானை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோகும். ஹப்புக்கு எவ்வளவு வருகிறது என்பதை அது ஒரு துளியும் கூட்டாது. அதைத் தீர்மானிப்பது தலைநகரில் இருந்து அந்த ஹப் வரைக்கும் வருகிற ரயில்பாதை. பெர்லினில் இருந்து மின்ஸ்க் வரை எத்தனையோ துண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஒரு மட்டம். மொத்தத்தில் எது ஆகக் குறைந்த மட்டமோ அதுதான் கணக்கு. மற்ற எல்லாம் 5 ஆக இருந்தாலும் நடுவில் ஒரு துண்டு 1 என்றால் மின்ஸ்குக்கு 1தான்.

நீங்கள் கல்லடி ஆள், உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2013இல் புதுப்பாலம் வரும்வரைக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீதி எவ்வளவு அகலமாக இருந்தும் என்ன, பழைய பாலத்தில் ஒரு பக்க வாகனம் போய் முடியத்தானே மற்றப் பக்கம் விட்டார்கள். அப்போது மட்டக்களப்பு டவுனில் பத்து லொறி கூடுதலாக வாங்கி நிறுத்தியிருந்தால் காத்தான்குடிக்கு ஒரு மூட்டை அரிசி கூடுதலாக வந்திருக்குமா? நீங்கள் நேற்று இரவு செய்தது அந்த லொறி வாங்கின வேலை.

பிரித்து வைத்தது ஏன் உதவவில்லை என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. யூரோப்பாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி வரம்பு, அதனால் பிரித்தால் தீரும். இங்கே உங்கள் ஒன்பது கட்டமும் கை நீட்டுவது அதே மின்ஸ்க் ஹப்பிடம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒன்பது பாயில் இருத்தினால் சோறு கூடாது. 2021 முடிவில் சப்ளையை முழுதாக மாற்றி எழுதினார்களே, அதற்கு முந்திய பழைய வீடியோக்களைப் பார்த்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள்.

இப்போது மின்ஸ்க் ஹப்பைக் கிளிக் பண்ணி, பெர்லினில் இருந்து வருகிற பாதையை ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள்.

ரூபன், கல்லடி

பார்த்தேன். பெர்லினில் இருந்து வார்சோ வரை நல்ல பாதை. வார்சோவுக்குக் கிழக்கே 3. பிரெஸ்டுக்கும் மின்ஸ்குக்கும் நடுவில் இரண்டு துண்டு மட்டும் 1. ஹப் கேட்பதில் மூன்றில் ஒன்று கூட வரவில்லை. மூன்று ஆட்டம் தோற்றது இந்த இரண்டு துண்டாலா!

மின்ஸ்குக்கும் ஸ்மொலென்ஸ்குக்கும் நடுவில் புதிதாக ஒரு ஹப் கட்டட்டுமா?

நௌபர், கல்முனை

வேண்டாம். ஹப் கட்டுவது செலவும் கூட, காலமும் கூட. புது ஹப்பும் அதே பாதையின் தொடர்ச்சியில்தான் இருக்கும், அதே 1தான் அதற்கும் வரும். முதலில் அந்த இரண்டு துண்டையும் 3க்கு ஏற்றுங்கள். கட்டுமான வரிசையின் தலைக்குக் கொண்டுவந்து, சிவில் ஃபேக்டரிகளை அதற்கே விடுங்கள்.

அது முடியும்வரை பதினைந்து, இருபது காலாட்படை டிவிஷன்களை வார்சோ பக்கம் பின்னுக்கு எடுங்கள். முன்னுக்குப் பாதி வயிற்றோடு 48 நிற்பதைவிட நிறைந்த வயிற்றோடு 30 நின்றால் நன்றாக அடிக்கும். யூரோப்பா பழக்கத்தில் கை கூசும், தெரியும். எனக்கும் கூசியது.

அப்புறம் லொஜிஸ்டிக்ஸ் பக்கத்தில் ரயில் எஞ்சின் கையிருப்பைப் பாருங்கள். அது பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் பாதை எவ்வளவு நல்லதாக இருந்தும் பலன் இல்லை. எதிரி விமானம் தண்டவாளத்துக்கு மேலே வந்து அடிப்பதில் முதலில் போவதும் அதுதான்.

தர்சினி, வாழைச்சேனை

உண்மையான 1941இலும் இதுதானே கதை. சோவியத் தண்டவாளம் 1,524 மில்லிமீட்டர் அகலம், ஜெர்மன் ரயிலுக்கு 1,435. எல்லை தாண்டிய பிறகு பாதையை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் முன்னேறினார்கள். ரயில் படைக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். ரூபன் அண்ணன் இதைப் பழகுவதற்கு ஏன் பார்பரோசாவில் தொடங்க வேண்டும்? 1936 ஜனவரி தொடக்கத்தில் இத்தாலியை எடுத்தால் எத்தியோப்பியப் போர் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். படை கொஞ்சம், ஹப் கொஞ்சம், வேறு தலையிடி இல்லை. நான் சப்ளை படித்தது அங்கேதான். நாலு தடவை அதே போரைத் திரும்பத் திரும்ப விளையாடினேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன்.

நௌபர், கல்முனை

தங்கச்சி, ஒன்றை மட்டும் மாற்றுவது என்பதை முழுதாக ஏற்கிறேன். எத்தியோப்பியாவை ஏற்க மாட்டேன். அங்கே சாமான் வருவது கடல் வழியாகத் துறைமுகத்துக்கு. கொன்வோய்க் கப்பல் போதுமா, துறைமுகம் பெரிதா என்றுதான் பழகுவீர்கள். நீளமான ரயில்பாதையில் நடுத்துண்டு ஒன்று கழுத்தை நெரிப்பதை அங்கே பார்க்கக் கிடைக்காது.

ரூபன் தன் சேவ் ஃபைலையே எடுக்கட்டும். போருக்கு இரண்டு நாள் முன் ஒரு சேவ். ஒரு ஓட்டம் ரயில் மட்டும் ஏற்றி, அடுத்தது ட்ரக் மட்டும் மாற்றி, அடுத்தது டிவிஷன் எண்ணிக்கையை மட்டும் குறைத்து. ஒவ்வொன்றையும் ஆறு வாரம் ஓடவிட்டு எங்கே நிற்கிறது என்று எழுதி வைத்தால் போதும். முழு ஆட்டம் தேவையில்லை. அயர்ன்மேனில் விளையாடினால் இப்படிப் பின்னுக்குப் போக முடியாது, அதை அணைத்துவிடுங்கள்.

தர்சினி, வாழைச்சேனை

அவ்வளவு பெரிய முன்னணியில் ஒன்றை மட்டும் மாற்றினாலும் எதனால் என்ன நடந்தது என்று எப்படிப் பிரித்தறிவது? மழை வருகிறது, சேறு வருகிறது, எதிரி படையை மாற்றுகிறான். எத்தியோப்பியாவில் அந்தக் குழப்பம் இல்லை. நான் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

ரூபன், கல்லடி

நான்கு நாள் கழித்து வருகிறேன், மின்வெட்டு வேறு.

போருக்கு முந்திய சேவ் கிடைக்கவில்லை, அதனால் நின்றுபோன இடத்தில் இருந்தே தொடர்ந்தேன். 18 காலாட்படை டிவிஷன்களைப் பின்னுக்கு எடுத்தேன், எடுத்த சில நாளிலேயே ஹப் பக்கத்துச் சிவப்பு மஞ்சளாகியது. இரண்டு துண்டும் 3க்கு ஏறியதும் மின்ஸ்கைச் சுற்றிச் சிவப்பே இல்லை. ஆனால் ஸ்மொலென்ஸ்க் வாசலில் நின்ற டேங்குகள் மட்டும் சிவப்பாகவே இருந்தன. நௌபர் காக்காவின் முதல் கேள்வி அப்போது ஞாபகம் வந்தது: பக்கத்தில் நல்லது, தூரத்தில் சிவப்பு. அப்படியானால் இதுதான் ட்ரக் இடம். மின்ஸ்க் ஹப் ஒன்றில் மட்டும் ட்ரக் வைத்தேன், மற்ற எல்லாவற்றையும் குதிரைக்குத் திருப்பினேன். கையிருப்பும் இறங்கவில்லை. ஸ்மொலென்ஸ்க் ஆகஸ்ட் கடைசியில் விழுந்தது.

கஜன், களுவாஞ்சிக்குடி

பார்த்தியா, கடைசியில் ட்ரக்தானே! 😄

ரூபன், கல்லடி

ஒரு ஹப்பில் மட்டும் மச்சான், அதுவும் ரயிலுக்குப் பிறகு.

இன்னொன்று. தெற்கே ஒடெஸ்ஸா பக்கமும் இதே சிவப்பு. அங்கேயும் ஹப்பின் மேலேயே சிவப்பு, அதனால் ரயில் என்று பாதையைப் பிடித்துப் போனேன். குறைந்த துண்டு ருமேனியாவுக்குள் இருக்கிறது, என் நாட்டிலும் இல்லை, நான் பிடித்த நிலத்திலும் இல்லை. இதற்கு என்ன செய்வது?

நௌபர், கல்முனை

படத்தைப் போடுங்கள், ஹப் பெயரும் பாதையும் தெரிகிற மாதிரி. லெவோவ் வழியாக வடக்கில் இருந்து வேறு பாதை இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பக்கம் எனக்கும் ஒரு தடவை சரியாக வரவில்லை.

சுதன், ஆரையம்பதி

அப்போ ராம் கூட்டுவதா இல்லையா?