கரும்புள்ளி இருக்கும் கோட்டைத் தமிழில் எப்படி அழைப்பது?

உவர்மலை, கணித ஆசிரியை

அன்புடையீர், குவாண்டம் சுற்றுப்படத்தை வாசித்து இறுதி நிலையைக் கையால் எழுதும் முறை குறித்து உயர்தர மாணவர்களுக்கு ஒரு குறிப்பு தயாரிக்கிறேன். "படலை" என்ற சொல்லில் எனக்குத் தயக்கமில்லை. தருக்கப் படலையை அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். இரண்டு கோடுகளை இணைக்கும் படலையில் கரும்புள்ளி இருக்கும் மேற்கோட்டுக்குத்தான் சொல் வேண்டும். "கட்டுப்பாட்டுக் கோடு" என்றால், அது ஆணையிடும், தான் மாறாது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சொல் உண்டா?

கிண்ணியா, மென்பொருள் பொறியாளர்

ரீச்சர், மாறாது என்பது சரிதானே? அட்டவணையைப் பாருங்கள்: 00 அப்படியே 00, 01 அப்படியே 01, 10 என்பது 11 ஆகிறது, 11 என்பது 10 ஆகிறது. மேற்கோட்டைக் குறிக்கும் முதல் இலக்கம் எங்கும் மாறவில்லை. "கட்டுப்பாடு" பொருத்தமான சொல். அதைக் கைவிட வேண்டாம்.

நிலாவெளி, ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர்

தம்பி காட்டிய அட்டவணை சரி. ஆனால் உள்ளீடு 0 அல்லது 1 ஆக இருக்கும்போது மட்டுமே அதிலிருந்து அந்த முடிவு வரும். ஒரு படத்தை இடமிருந்து வலமாக வாசிப்போம். மேற்கோடு 0, கீழ்க்கோடு 1. இரண்டிலும் ஒவ்வொரு H படலை, அடுத்து கரும்புள்ளிப் படலை, பிறகு இரண்டிலும் மீண்டும் H. H படலை |0⟩ என்பதை |0⟩ + |1⟩ வடிவுக்கும், |1⟩ என்பதை |0⟩ − |1⟩ வடிவுக்கும் கொண்டுபோகும்; மீண்டும் இட்டால் பழையபடி ஆக்கும். ஒவ்வொரு படலைக்கும் பின்னால் ஒரு நிலைக்குத்துக் கோடு கீறி, அதன் கீழே முழு நிலையையும் எழுதுங்கள்.

முதல் H படலைகளுக்குப் பின்:

½( |00⟩ − |01⟩ + |10⟩ − |11⟩ )

கரும்புள்ளிப் படலை மூன்றாம், நான்காம் உறுப்புகளை மட்டும் தொடுகிறது. |10⟩ என்பது |11⟩ ஆகிறது, |11⟩ என்பது |10⟩ ஆகிறது. குறிகள் தத்தம் உறுப்போடு நகர்கின்றன:

½( |00⟩ − |01⟩ + |11⟩ − |10⟩ )

இதைக் காரணிப்படுத்தினால்:

½( |0⟩ − |1⟩ )( |0⟩ − |1⟩ )

மேற்கோட்டைப் பாருங்கள். படலைக்கு முன் அது |0⟩ + |1⟩ வடிவில் இருந்தது. இப்போது |0⟩ − |1⟩. கீழ்க்கோடோ இருந்தபடியே இருக்கிறது. இறுதி H படலைகள் இதை |11⟩ ஆக்குகின்றன. 0 ஆகத் தொடங்கிய மேற்கோடு 1 ஆக முடிந்தது. புரட்டப்படும் என்று நாம் சொன்ன கீழ்க்கோடு 1 ஆகத் தொடங்கி 1 ஆகவே முடிந்தது. "கட்டுப்பாடு" என்று பெயரிட்டால், இந்த இடத்தை மாணவர் தேடிப் பார்க்கவே மாட்டார்.

மூதூர், பல்கலைக்கழக மாணவர்

ஐயா, எனக்கும் வரிசையில்தான் சிக்கல். இதையே கிஸ்கிட்டில் எழுதினேன்:

```
qc = QuantumCircuit(2)
qc.x(1)
qc.h([0, 1])
qc.cx(0, 1)
qc.h([0, 1])
```

முதல் வரிகள் இரண்டை மட்டும் ஓட்டினால் '10' என்று காட்டுகிறது. நீங்கள் 01 என்கிறீர்கள். எது சரி?

நிலாவெளி, ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர்

நாங்கள் பேசியது அதுவல்ல, தம்பி. ஆனாலும் கேட்டது நல்லது. இரண்டும் சரி. படத்தின் மேற்கோடான 0ஆம் கியூபிட்டை அந்த மென்பொருள் வலது ஓரத்தில் எழுதுகிறது. நான் இடது ஓரத்தில் எழுதினேன். இறுதி விடை 11 ஆதலால் இந்த வேறுபாடு அங்கே மறைந்துவிடும். ஆகவே சரிபார்க்கும்போது இறுதி விடையோடு நின்றுவிடாமல் இடைநிலைகளையும் ஒப்பிடுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். "நிபந்தனைக் கோடு" என்பது என் முன்மொழிவு. அங்கே 1 இருக்கும் உறுப்பில் மட்டும் கீழே புரட்டு என்ற அளவோடு அது நின்றுகொள்கிறது. கோடு மாறுமா மாறாதா என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கிண்ணியா, மென்பொருள் பொறியாளர்

ஐயாவின் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தேன்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நிபந்தனை" வேறொரு வம்பைக் கொண்டுவரும். நிரலாக்கம் படித்தவர்கள் நிபந்தனை என்றதும் மதிப்பை வாசித்துப் பார்ப்பதாக நினைப்பார்கள். அதாவது மேற்கோடு நடுவில் அளக்கப்படுகிறது என்று.

நிலாவெளி, ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர்

வலுவான மறுப்பு. உண்மையிலேயே அங்கே அளந்தால் விடையும் கெட்டுவிடும்: கீழ்க்கோடு 1 தரும், மேற்கோடு பாதி வாய்ப்பில் 0, பாதி வாய்ப்பில் 1 தரும். அளக்காதபோது மேற்கோடு எப்போதும் 1. சொல்லால் மட்டும் இதைத் தடுக்க முடியாது. குறிப்பில் ஒரு வாக்கியம் வேண்டும்.

உவர்மலை, கணித ஆசிரியை

அப்படியானால் "நிபந்தனைக் கோடு" என்றே எழுதி, அது அளக்கப்படுவதில்லை என்பதை அதே பத்தியில் சேர்க்கிறேன். ஐயா காட்டிய படமே முதல் பயிற்சி. கீழ்க்கோட்டை "இலக்குக் கோடு" என்று எழுதத்தான் இருந்தேன். இந்தக் கணக்கில் அது அசையவே இல்லை என்பதால் அந்தச் சொல்லும் இப்போது கேள்விக்குள்ளாகிறது. "புரட்டுக் கோடு" என்றாலும் அதே குறைதான். வேறு சொற்களை அனுப்புங்கள்.