டவர் கிரேனின் வால் பக்கம்: உங்கள் அனுபவம்?

மட்டக்கோல்:
மூன்று பக்கமும் கட்டடம் நெருக்கின சைட். எங்கள் கவலையெல்லாம் தூரத்து மூலைதான். மாஸ்ட்டிலிருந்து 46 மீட்டர். அங்கே ஏற்ற வேண்டிய ப்ரீகாஸ்ட் படிக்கட்டு 2.1 டன், ஸ்லிங்கும் பீமும் சேர்த்தால் 2.4. லோடு சார்ட் அந்தத் தூரத்துக்கு 2.6 காட்டியது. மீதி 200 கிலோ போதுமா என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

வால் பக்கம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. கவுண்டர் ஜிப் 13.5 மீட்டர், மதில் 9 மீட்டரில். நாலரை மீட்டர் பக்கத்து மொட்டைமாடிக்கு மேல் போகும். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியாச்சு, படத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் 3 மீட்டர் இடைவெளி.

முதல் சுற்று சுற்றினபோது நான் அந்த மாடியில் நின்றேன். முதலில் நிழல் வந்தது. பிறகு கான்கிரீட் பிளாக்குகள், தொட்டி மூடிக்கு மேலே ஒரு முழம் விட்டு, சத்தமே இல்லாமல் நகர்ந்து போயின. படத்தில் நாங்கள் போட்டிருந்தது கவுண்டர் ஜிப்பின் அடிமட்டம். பிளாக்குகள் அதற்குக் கீழே இரண்டரை மீட்டர் தொங்குகின்றன என்பதை யாரும் வரையவில்லை.

கொக்கி:
இதுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? லிமிட் சுவிட்ச் வெச்சு அந்தப் பக்கம் திரும்பாம பண்ணிடலாமே. எங்க சைட்ல அப்படித்தான் ஓட்டினோம்.

கேபின்வாசி:
கொக்கி, பாதிதான் சரி. அந்த சுவிட்ச் நான் கேபின்ல இருக்கிற வரைக்கும்தான். சாயங்காலம் ஸ்லூ பிரேக்கை விடுவிச்சுட்டுதான் இறங்குவேன். காத்து அடிச்சா ஜிப் தானா காத்துப் போற திசைக்குத் திரும்பணும். பூட்டி வெச்சா காத்து பக்கவாட்டுல முழு நீளத்துக்கும் மோதும். மாஸ்ட் அதைத் தாங்குற கணக்குல செஞ்சதில்ல. அதனால ராத்திரி வால் எந்தப் பக்கமும் போகும்னு வெச்சுத்தான் இடம் பார்க்கணும்.

லஃபிங் ஜிப்னா வால் 7, 8 மீட்டர்தான் இருக்கும், உங்க மதிலுக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஆனா அதையும் ராத்திரி ஜிப்பை நேரா நிமித்தி விட்டுட முடியாது. தயாரிப்பாளர் சொன்ன கோணத்துல சாய்ச்சுத்தான் விடணும். அந்த வட்டமும் காலியா இருக்கணும். வாடகையும் கூட, வேகமும் குறைவு. உங்க இடத்துல நான் இருந்தா முதல்ல மாஸ்ட்ல ஒரு செக்‌ஷன் ஏத்த முடியுமான்னு கேட்டிருப்பேன்.

சாந்துச்சட்டி:
நாங்க லிஃப்ட் ஷாஃப்ட்டுக்குள்ளேயே நிறுத்தினோம். ரீச் எல்லா மூலைக்கும் சமம், வாலும் எங்க மனைக்குள்ளேயே. ஆனா கட்டடம் முடிஞ்சதும் கவுண்டர் ஜிப்பைப் பிரிச்சு இறக்க மொபைல் கிரேன் நிக்க இடமில்ல. நடுவுல நிறுத்துங்கன்னு சொல்றவங்க இறக்குறதைப் பத்திப் பேசுறதே இல்ல.

கேபின்வாசி:
நடுவுல நிறுத்தச் சொல்லி நான் எங்கேயும் சொல்லலையே!

மட்டக்கோல்:
செக்‌ஷன் ஏற்றியாச்சு, 3 மீட்டர். டை இல்லாமல் நிற்கும் உயரத்துக்குள்தான் இருந்தது, தப்பித்தோம். இப்போது அந்த வீட்டுக்காரர் தொட்டிக்கு மேலே சோலார் சட்டம் போடப் போகிறாராம். எவ்வளவு உயரம் என்று கேட்டால், "ஆள் நிக்கிற அளவு" என்கிறார்.