நைட் ஷிப்டில் ஒருக்கா நித்திரை: வேலையால நிப்பாட்டினது நியாயமா?

வாவிக்கரை:
அம்பாறைப் பக்கம் அரிசி ஆலை ஒன்று. பொதி கட்டும் பகுதியில 7 வருசம் வேலை செய்தவர் நைட் ஷிப்டில 20 நிமிசம் நித்திரை கொண்டது கமராவில பதிவாகி இருக்கு. நட்டம் ஒண்டும் இல்லை, முன்னம் எச்சரிக்கைக் கடிதமும் இல்லை. விளக்கம் கேட்டாங்க, மறுகா நேரா நீக்கம். சம்பளம் 45,000. இது கூடின தண்டனை எண்டு காட்ட ஏலுமா?

நெல்லுமூட்டை:
உள்ளக விசாரணை வைக்கல்ல, ஆகவே நீக்கமே செல்லாது. 11 ஏ பிரிவின்படி தண்டனையைக் குறைக்கலாம். வழக்கு வெண்ட மாதிரித்தான்.

மருதமுனை_சட்டம்:
நெல்லுமூட்டை தம்பி, 11 ஏ இந்தியச் சட்டம். நமக்கு 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டம். 31 பி பிரிவில தொழில் நியாய சபைக்கு விண்ணப்பம் போடுறது, 31 சி பிரிவில சபை ‘நீதியும் ஒப்புரவுமான’ கட்டளை கொடுக்கிறது. உள்ளக விசாரணை வைக்காததால மட்டும் நீக்கம் விழாது. சாட்சியைச் சபை புதுசாக் கேக்கும். நிப்பாட்டினதை முதலாளி ஒத்துக்கொண்டா, அதுக்கு நியாயம் இருந்தது எண்டு அவர்தான் முதல்ல காட்ட வேணும்.

ஆரையம்பதி:
தொழில் ஆணையாளர்ட அனுமதி இல்லாம 15 பேரோ அதுக்கு மேலயோ உள்ள இடத்தில ஆரையும் நிப்பாட்ட ஏலாதே. லேபர் ஒபீசுக்குப் போகச் சொல்லுங்க.

மருதமுனை_சட்டம்:
அது 1971ஆம் ஆண்டுச் சட்டம். ஆலையை மூடுறது, ஆள் குறைக்கிறது மாதிரியான நீக்கத்துக்குத்தான் அந்த அனுமதி. ஒழுக்காற்று நீக்கம் அதுக்கு வெளியே. ஆனா அதே சட்டத்தில ஒரு விசயம் உதவும்: நீக்கி இரண்டாவது வேலை நாள் முடியுறதுக்குள்ள காரணத்தை எழுத்தில கொடுக்க வேணும். அந்தக் கடிதத்தில என்ன இருக்கு எண்டு முதல்ல பாருங்க. ‘கடமை நேரத்தில் நித்திரை’ எண்டு மட்டும் இருந்தா, நாளைக்கு ‘ஆள் எப்பவும் இப்பிடித்தான்’ எண்டு சொல்ல வாறவங்க அதை நிரூபிக்கக் கஷ்டப்படுவாங்க.

கணக்குப்பிள்ளை:
நிருவாகப் பக்கத்தில நிண்டு சொல்றன். நித்திரையைச் சின்னக் குற்றம் எண்டு எழுதுறது லேசு. கொதிகலன் பாக்கிறவர் 20 நிமிசம் கண் மூடினா ஆள் சாகும். காவலாளி நித்திரை கொண்டா அவர்ர வேலையே இல்லாமப் போகுது. ஒருவரை விட்டா நாளைக்கு முழு ஷிப்டும் படுக்கும். சபை இரக்கப்பட்டுக் கட்டளை போட்டா மேல்முறையீட்டில அது நிக்காது. ஒப்புரவு முதலாளிக்கும் உள்ளதுதான்.

மருதமுனை_சட்டம்:
நீங்க சொன்ன உதாரணமே இவருக்குச் சாதகம் சேர். பாரம் கடமையில இருந்து வருது. பொதி கட்டுறவர் நித்திரை கொண்டா மூட்டை தேங்கும், அவ்வளவுதான். அந்த இரவு இயந்திரம் நிண்டதா, எத்தினை மூட்டை குறைஞ்சது எண்டு உற்பத்திப் புத்தகம் காட்டும், அதை அழைப்பிக்கக் கேக்கலாம். அடுத்தது சமத்துவம். அதே ஆலையில அதே குற்றத்துக்கு ஆரும் எச்சரிக்கையோட தப்பியிருந்தா அந்தக் கடிதந்தான் இவர்ர கையில உள்ள நல்ல ஆயுதம். ‘வாயால மூண்டு தரம் சொன்னோம்’ எண்டு சொன்னா, எப்ப, ஆர் சொன்னது எண்டு குறுக்கு விசாரணையில கேட்டா பெரும்பாலும் நிக்காது.

வாவிக்கரை:
அப்ப வேலை திரும்பக் கிடைக்குமா, காசா?

மருதமுனை_சட்டம்:
ரெண்டும் ஏலும். குற்றம் நிரூபணமாகி, தண்டனை மட்டும் கூடினது எண்டு கண்டா, நிலுவைச் சம்பளம் இல்லாம அல்லது பாதியோட திரும்ப எடுக்கச் சொல்றது ஒரு வழி. வழக்கு 14 மாசம் போனா நிலுவை 6,30,000. அதை இழக்கிறதே ஒரு நித்திரைக்குத் தாராளமான தண்டனை. திரும்ப எடுக்கேலாத உறவு எண்டா நட்டஈடு. நட்டஈடு கணக்கிட தொழில் ஆணையாளர் பாவிக்கிற அட்டவணை சபையைக் கட்டாது. தொகைக்குச் சபை காரணம் எழுத வேணும், நட்டத்தைத் தொழிலாளிதான் காட்ட வேணும். 1995இல ஜயசூரிய எதிர் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபன வழக்கில உயர் நீதிமன்றம் சொன்னதும் அதுதான். ஆகவே வேற வேலை தேடின கடிதங்களை இண்டைக்கே சேர்த்து வைக்கட்டும். சபைக்கு விண்ணப்பம் போட நீக்கின நாளில இருந்து 6 மாசம், அதை மட்டும் தவற விட வேணாம்.

கணக்குப்பிள்ளை:
ஒண்டைக் கேக்க மறந்திட்டீங்க. விளக்கக் கடிதத்தில என்ன எழுதினவர்?

வாவிக்கரை:
‘நான் நித்திரை கொள்ளல்ல, குனிஞ்சு மூட்டை பாத்தன்’ எண்டு.

கணக்குப்பிள்ளை:
அப்ப கதை மாறுது. கமரா இருக்கேக்க பொய். இப்ப பிரச்சினை நித்திரை இல்லை, நம்பிக்கை.

மருதமுனை_சட்டம்:
பொய்யைக் குற்றப்பத்திரிகையில தனிக் குற்றமா எழுதாம விட்டிட்டுப் பிறகு அதையே காரணமாக் காட்டினா நான் எதிர்ப்பன். ஆனாலும் சாட்சிக் கூண்டில அதே பொய்யைத் திருப்பிச் சொன்னார் எண்டா, இவர்ர 7 வருசச் சுத்தமான பதிவு எவ்வளவு தாங்கும் எண்டு என்னால உறுதி தர ஏலாது.

நெல்லுமூட்டை:
மன்னிப்புக் கடிதம் ஒண்டு இப்ப கொடுத்தா?

கணக்குப்பிள்ளை:
அது குற்றத்தை ஒத்துக்கொண்ட கடிதமா முதலாளிட கோப்பில போகும் தம்பி.

மருதமுனை_சட்டம்:
போகட்டும். கமரா எப்பிடியும் அதைச் சொல்லும். ஒத்துக்கொண்டா வழக்கு தண்டனையைப் பற்றி மட்டும் நடக்கும், இவருக்கு அதுதான் பலமான இடம்.

கணக்குப்பிள்ளை:
உடன்பட மாட்டன். எழுதிக் கொடுக்கிறதுக்கு முன்னம் ஆரும் சட்டத்தரணிட காட்டச் சொல்லுங்க.