3½ வயசுப் பாப்பா, முதுகுத்தண்டுப் பிளவு: இடது இடுப்பு மூட்டு விலகியிருக்கு, ஆபரேஷன் வேணுமா?

கோபி_பாப்பாம்மா
வணக்கமுங்க. பாப்பாவுக்கு 3½ வயசு. பிறந்த 2ஆம் நாளே முதுகுக் கட்டியை மூடிட்டாங்க, தலையில சேர்ற நீரை வடிக்கற ஷன்ட் குழாய் இருக்கு. தவழுறா, கட்டில் காலைப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கிறா. எக்ஸ்ரேல இடது தொடை எலும்புத் தலை கிண்ணத்தை விட்டு வெளிய இருக்குதாம். ஒரு டாக்டர் திறந்து உள்ள வச்சுக் கட்டணும்ங்கறார். இன்னொருத்தர் அப்படியே விடுங்க, நடக்கறதுக்கு அது தடையில்லைங்கறார். இடது பாதம் வேற மேல் நோக்கி மடங்கி, நிக்கிறப்ப குதிகால் மட்டுந்தான் தரையில படுது. யார் சொல்றதைக் கேக்கறதுங்க?

தாராபுரத்தான்
எம்ஆர்ஐல எலும்பு எந்த இடத்துல திறந்திருக்குன்னு பாருங்க. அதுதான் லெவல். எல்3ன்னு, அதாவது இடுப்புப் பக்க முதுகெலும்புல மூணாவதுன்னு இருந்தா தொடை வரைக்கும் நீள பிரேஸ் போட்டாத்தான் நிக்க முடியும், பெருசானதும் சக்கர நாற்காலிதான். இடுப்பைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.

கோபி_பாப்பாம்மா
எல்3ன்னுதான் எழுதியிருக்காங்க. ஆனா முழங்காலை நல்லா நீட்டி உதைக்கறாளே?

பவானிக்கரை பிசியோ
தாராபுரம் அண்ணா சொன்னதுல பாதி சரிங்க. லெவல்தான் நடையைத் தீர்மானிக்குது. ஆனா அது எலும்பு திறந்த இடம் இல்லை, கடைசியா எந்தத் தசை வேலை செய்யுதுங்கறதுதான் கணக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்லை, வலதுக்கும் இடதுக்குமே மாறும்.

அக்கா, நாலு விஷயம் பாருங்க. கட்டில் விளிம்புல உக்கார வச்சு, கணுக்காலுக்கு மேல உங்க கையை வச்சுத் தடுங்க. அதைத் தள்ளி முழங்காலை நீட்டறாளா? பாதத்தை மேல தூக்கறாளா? ஒருக்களிச்சுப் படுக்க வச்சா மேல் காலைப் பக்கவாட்டுல தூக்கறாளா? பாதத்தைக் கீழ அழுத்தி உங்க கையைத் தள்ளறாளா? முதல் ரெண்டும் ஆமா, பின்ன ரெண்டும் இல்லைன்னா அது எல்4 அளவு. முழங்காலை நீட்டற தொடைத்தசை கையை எதிர்த்துத் தள்ளற அளவுக்கு இருந்தா, முழங்காலுக்குக் கீழ போடற பிரேஸும் கைத்தடியும் வச்சு வீட்டுலயும் வெளியிலயும் நடக்க நல்ல வாய்ப்பு இருக்கு. நீள பிரேஸ் தேவைப்படாது. தூரம் போக நாற்காலி வச்சுக்கறது வேற விஷயம், அதைத் தோல்வியா பாக்க வேண்டாமுங்க.

அவிநாசி_மாமா
எங்க அக்கா பேத்திக்கும் இதேதான் அம்மணி. ஒண்ணரை வயசுல ஆபரேஷன் பண்ணி, இடுப்போட மாவுக்கட்டுப் போட்டு, இப்ப ஓடுறா. தள்ளிப்போட்டா காலம் போச்சு. சீக்கிரம் பண்ணிருங்க.

கோபி_பாப்பாம்மா
அந்தப் பாப்பாவுக்கும் முதுகுல கட்டி இருந்துச்சுங்களா மாமா?

அவிநாசி_மாமா
முதுகெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இடுப்புதான் விலகல்.

பவானிக்கரை பிசியோ
அங்கதானுங்க வித்தியாசம், மாமா. அந்தப் பாப்பாவுக்குத் தசையெல்லாம் முழுசா இருக்கு. மூட்டை உள்ள வச்சா தசையே இழுத்துப் பிடிச்சுக்கும். எல்4 குழந்தைக்குத் தொடையை முன்னால மடக்கற தசையும் உள்பக்கம் இழுக்கற தசையும் பலமா இருக்கும். பக்கவாட்டுக்கும் பின்னாலயும் இழுக்கறது செத்திருக்கும். ஒருபக்க இழுப்புலதான் மூட்டு நாளாவட்டத்துல நழுவுது. உள்ள வச்சுத் தைச்சாலும் அந்த இழுப்பு மாறாததால மறுபடி நழுவலாம். நழுவாட்டியும் மூட்டு விறைச்சுப் போச்சுன்னா உக்காரவும் முடியாது, நிக்கவும் முடியாது, அதுதான் பெரிய கஷ்டம். மாவுக்கட்டுல பல வாரம் கிடந்தா எலும்பும் வலுக் குறையும். கட்டுப் பிரிச்சப்புறம் கால் சிவந்து, சூடா, வீங்கி இருந்தா பல பேர் சீழ்னு நினைச்சு மருந்து குடுப்பாங்க. உணர்ச்சி இல்லாத கால்ல அது எலும்பு முறிவாவும் இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கணும்.

இந்த அளவுல நடை கோணலாகறது, மூட்டு வெளிய இருக்கறதை விட அதைச் சுத்தி இறுகினதாலதான் அதிகம். அதையும் பாத்துருங்க. மல்லாக்கப் படுக்க வச்சு வலது முழங்காலை நெஞ்சுக்கிட்ட கொண்டு போங்க. இடது தொடை பாயை விட்டு மேல எந்திரிக்குதா?

கோபி_பாப்பாம்மா
பாத்தேனுங்க. முழங்காலை நீட்டி என் கையையே தள்ளிட்டா. பாதத்தை மேல தூக்கறா, கீழ தள்ள முடியல, பக்கவாட்டுலயும் தூக்கல. இடது தொடை நாலு விரல் அளவு மேல வருது. தொடையை விரிச்சா இடதுல பாதிக்கு மேல போகல.

பவானிக்கரை பிசியோ
அப்ப எல்4தானுங்க. இறுக்கமும் தெரியுது. டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: மூட்டை உள்ள வைக்காம, முன்பக்கமும் உள்பக்கமும் இறுகினதை மட்டும் தளர்த்தினாப் போதுமா? உக்காரறப்ப இடுப்பு எலும்பு ஒருபக்கம் சாயுதா? சாஞ்சா பின்னால முதுகு வளையும், ஒருபக்கப் புட்டத்துல புண் வரும். அதுவரைக்கும் தினம் ரெண்டு தடவை, 20 நிமிஷம் குப்புறப் படுக்க வச்சு விளையாட விடுங்க. தொடையை வலிஞ்சு விரிக்காதீங்க, எலும்பு தாங்காது.

திருப்பூர்_எலும்பு
ஒரு திருத்தம். "எப்பவும் விட்டுருங்க"ன்னு எழுதிட வேண்டாம். பக்கவாட்டுத் தசையும் நல்லா வேலை செய்யற, அதாவது எல்5க்குக் கீழ இருக்கற குழந்தைக்கு, ஒருபக்கம் மட்டும் விலகியிருந்தா ஆபரேஷன் பண்றதுல இன்னும் ரெண்டு கருத்து இருக்கு. இந்தப் பாப்பாவுக்குப் பக்கவாட்டுல தூக்கலைன்னா நான் இறுக்கத்தோட நிறுத்திக்குவேன். ஆனா 3½ வயசுல தசைப் பரிசோதனை நம்பகமா வராது, 6 மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும்.

பெருந்துறை_பிரேஸ்
பாதத்தை மறந்துட்டீங்க எல்லாரும். எனக்கு அதுதான் அவசரம். மேல தூக்கற தசை வேலை செய்யுது, கெண்டைக்கால் செய்யல. அதனால பாதம் மேல மடங்கி முழு எடையும் குதிகால்ல விழுது. அங்க உணர்ச்சியும் இல்லாததால தோல் கிழியறது தெரியாது. கெண்டைக்கால் தாங்காததால நிக்கறப்ப முழங்கால் முன்னால மடங்கிப் போகும், அதைத் தொடைப் பலவீனம்னு தப்பாப் புரிஞ்சு நீள பிரேஸ் எழுதறாங்க.

கணுக்கால்ல அசைவு இல்லாத, முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் அணைச்சு வர்ற பிரேஸ் கேளுங்க. முழங்கால் முழுசா நீளுற குழந்தைக்குத்தான் அது உதவும். மொத நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழட்டி, குதிகாலையும் கணுக்கால் எலும்பு முட்டற இடத்தையும் பாருங்க. சிவப்பு 20, 30 நிமிஷத்துல மறையணும். மறையலைன்னா பிரேஸைப் போடாம திரும்பக் கொண்டு வாங்க. சாக்ஸைத் தையல் வெளிய வர்ற மாதிரி போடுங்க. சித்திரை வெயில்ல வெறுங்காலோட சிமெண்ட் களத்துலயோ கோயில் கல்லுலயோ தவழ விடவே கூடாது. பாதத்தை மேல இழுக்கற நரம்பைக் குதிகாலுக்கு மாத்தற ஆபரேஷன் 4, 5 வயசுக்கு மேல யோசிக்கலாம். அதுக்கப்புறமும் பிரேஸ் இருக்கும்.

கோபி_பாப்பாம்மா
குதிகால்ல ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் தடிச்சிருக்கு, அதுதானா? நரம்பை மாத்தறாங்கன்னா முதுகுல திரும்பக் கை வைப்பாங்களா?

பெருந்துறை_பிரேஸ்
தடிச்சது அதேதானுங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க, பிரேஸ் அளவு எடுக்கறதுக்கு முன்ன. நரம்புன்னு நான் சொன்னது தசைநாரை, பாதத்தோட நிக்கும்.

பவானிக்கரை பிசியோ
முதுகுல கை வைக்கறது வேற காரணத்துக்கு. இன்னைக்குப் பாத்த நாலையும் தேதி போட்டு எழுதி வையுங்க. வளர வளர, இருந்த தசை பலம் குறைஞ்சாலோ, பாதம் புதுசா கோணினாலோ, முதுகு வலின்னாலோ, மூத்திரப் பழக்கம் மாறினாலோ தண்டு கீழ ஒட்டி இழுக்குதான்னு பாக்கணும். ஷன்ட் அடைச்சிருக்கான்னும் பாக்கணும். அந்த நேரத்துல பழைய கணக்கு கையில இருந்தாத்தான் தெரியும்.

எந்த ஆபரேஷன்னாலும், ரப்பர் கையுறை இல்லாம பண்ணச் சொல்லி அட்மிஷன் அப்பவே எழுதி வாங்குங்க. இந்தக் குழந்தைகளுக்கு அந்த ரப்பர் அலர்ஜி சாதாரணமா வரும்.

கோபி_பாப்பாம்மா
சரிங்க. இடது கால் இப்பவே ஒரு விரல் அளவு குட்டையா தெரியுது. செருப்புல மேடு வச்சுக்கலாமுங்களா, இல்ல இறுக்கம் தளர்ந்தப்புறம் பாக்கலாமா?

திருப்பூர்_எலும்பு
இறுக்கம் இருக்கறப்ப அளந்தா அளவு தப்பாத்தான் வரும். தளர்ந்தப்புறம் நிக்க வச்சு அளக்கலாம்.

பெருந்துறை_பிரேஸ்
அதுவரைக்கும் ஒருபக்கமாவே நிக்குமே டாக்டர். கொஞ்சமா ஒரு மேடு வச்சுப் பாத்துட்டு மாத்திக்கலாம்னுதான் எனக்குப் படுது.