கழுத்துக் கழலை ஒபரேசனுக்கு முன் அயடீன் துளி: திகதி தள்ளிப்போனால்?

தர்ஷி (நிலாவெளி): அம்மாவுக்கு 44 வயது, தைரொயிட் சுரப்பி கூட வேலை செய்யிற கிரேவ்ஸ் நோய். கார்பிமசோல் குளிசையில ரத்தத்தில ஹோர்மோன் அளவு சரிக்கு வந்திட்டுது. லூகோல் எண்ட அயடீன் துளி 5, ஒரு நாளைக்கு மூன்று தரம், 10 நாள் எண்டு தந்தவை. இண்டைக்கு ஒன்பதாம் நாள். ஒபரேசன் ஒரு கிழமை தள்ளிப்போயிட்டுது எண்டு இப்ப போன் வந்தது. துளியை விடவா, தொடரவா? பாட்டிலில் இன்னும் மருந்து இருக்கு.

கடல்காத்து: விட்டிடுங்கோ தங்கச்சி, அது பழைய காலத்துப் பழக்கம். ஹோர்மோன் அளவு சரியாயிருந்தா துளி தேவையே இல்லை. ஒபரேசனில ரத்தம் போறதும் போகாததும் சேர்ஜனின்ர கையில. சில ஆய்வில துளி குடிச்சவைக்கும் குடிக்காதவைக்கும் வித்தியாசமே தெரியேல்ல.

உப்புவெளி மருந்தாளர்: கடைசி வசனம் சரி, அண்ணா. வேற ஆய்வுகளில போற ரத்தம் சில பத்து மில்லிலீற்றர் குறைஞ்சிருக்கு, அதுவும் பெரிய தொகையில்லை. ஆனா அளவை விட இடம்தான் முக்கியம். கிரேவ்ஸ் சுரப்பி ரத்தத்தால ஊறின பஞ்சு மாதிரி, தொட்டாலே கசியும். குரல் நரம்பும் கல்சியம் பாக்கிற சின்னச் சுரப்பிகளும் அதுக்குப் பின்னாலதான் ஒட்டிக்கொண்டு கிடக்கு. அங்க ஒரு கரண்டி ரத்தம் தேங்கினாலும் எது நரம்பு எண்டு தெரியாது. அயடீன் ரத்த ஓட்டத்தைக் குறைச்சுச் சுரப்பியை இறுக்கிவிடும்.

தர்ஷி, துளியை நிப்பாட்டவோ கூட்டவோ வீட்டில முடிவெடுக்க வேண்டாம். இண்டைக்கே வார்டுக்கு எடுத்து, "ஒன்பது நாள் முடிஞ்சுது, புதுத் திகதி இது" எண்டு ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ. 10 நாள் எண்டு வைச்சதுக்குக் காரணம் இருக்கு. அயடீன் அதிகமாப் போனவுடன சுரப்பி திகைச்சு, ஹோர்மோன் வெளிவிடுறதை நிப்பாட்டும். அந்தத் திகைப்பு நெடுகக் கிடக்காது. ரெண்டு கிழமை அளவில சுரப்பி தன்ர வாசலை ஒடுக்கி உள்ள வாற அயடீனைக் குறைச்சிட்டு, பழையபடி வேலை தொடங்கும். அப்ப குடிச்ச அயடீன் எல்லாம் ஹோர்மோன் செய்யிற விறகுதான். அந்த விறகு எரியாமத் தடுக்கிறது கார்பிமசோல். துளியைப் பற்றி என்ன முடிவு வந்தாலும், அவை சொல்லாம அந்தக் குளிசையை மட்டும் நிப்பாட்டக் கூடாது.

கிண்ணியா வாப்பா: எங்கட தங்கச்சிக்கு மீன் ஒத்துக்கொள்ளாது, உப்பிலயும் அயடீன் கிடக்கு. அப்ப உப்பையும் விடணுமோ? துளிக்குப் பதிலா உப்பைக் குறைச்சாப் போதாதா?

உப்புவெளி மருந்தாளர்: வாப்பா, ரெண்டும் வேற கணக்கு. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 0.15 மில்லிகிராம். லூகோலில ஒரு துளியில ஏறக்குறைய 6 மில்லிகிராம், 15 துளியில 90க்கு மேல. அறுநூறு மடங்கு. அதுக்குப் பக்கத்தில உப்பு ஒரு பொருட்டில்லை. மீன் அலர்ஜி மீனின்ர புரதத்தால வாறது, அயடீனால இல்லை. ஆனா துளி குடிச்சாப் பிறகு தடிப்பு, வாய்க்குள்ள உலோகச் சுவை, முரசு நோ, தாடையடியில வீக்கம் வந்தா அண்டைக்கே சொல்லவேணும்.

கடல்காத்து: சரி, உதவும் எண்டே வையுங்கோ. அப்ப தைரொயிட் கூடின எல்லாருக்கும் குடுக்கலாம்தானே?

உப்புவெளி மருந்தாளர்: அங்கதான் பிழைக்கும். கட்டி தன்பாட்டில ஹோர்மோன் சுரக்கிற வகையில அயடீன் நோயைக் கிளப்பிவிடும். இந்தத் துளி கிரேவ்ஸுக்குத்தான்.

இன்னொரு பிழை பாட்டில் மாறுறது. செறிவான பொட்டாசியம் அயடைட் கரைசல் எண்டு ஒண்டு கிடக்கு, அதில ஒரு துளியிலயே 38 மில்லிகிராம் அளவு அயடைட். அதுக்கு 1, 2 துளிதான். லூகோல் கணக்கில 5 துளி விட்டா ஆறு மடங்கு போயிடும். காயத்துக்குப் பூசுற பொவிடோன் அயடீனைக் குடிக்கவே கூடாது.

தர்ஷி (நிலாவெளி): லூகோல் எண்டுதான் லேபிளில இருக்கு. அம்மா தண்ணியில கலந்து குடிக்கேக்க ஓங்காளிக்கிறா.

உப்புவெளி மருந்தாளர்: சாப்பாட்டுக்குப் பிறகு, அரைக் கிளாஸ் பாலிலயோ ஜூஸிலயோ விட்டு ஸ்ட்ரோவால குடிக்கச் சொல்லுங்கோ, பல்லிலயும் கறை பிடியாது. 150 துளிக்கு 7.5 மில்லிலீற்றர்தான் போகும், மிச்சம் கிடக்கிறது வழமை. மிச்சம் கிடக்கெண்டதுக்காகத் தொடர வேண்டாம்.

கடல்காத்து: பத்தும் ஏழும் பதினேழு. பதினேழாம் நாள் எண்டா என்ன செய்யிறது எண்டு இன்னும் சொல்லேல்லையே.

உப்புவெளி மருந்தாளர்: அதில சேர்ஜன்மாரே ஒரே மாதிரி இல்லை அண்ணா. குளிசை ஒழுங்காப் போகுதெண்டா சிலர் அப்படியே தொடரச் சொல்லுவினம், சிலர் துளியை நிப்பாட்டித் திகதியைக் கிட்டக் கொண்டுவரப் பாப்பினம். மூண்டு கிழமை தள்ளிப்போயிருந்தா இப்பவே நிப்பாட்டச் சொல்லுறதுதான் கூட. தர்ஷி, கேட்டிட்டு என்ன சொன்னவை எண்டு எழுதுங்கோ. அதுக்கிடையில அம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காய்ச்சல் ஏதும் வந்தா புதுத் திகதியைப் பாத்துக்கொண்டிராமக் கொண்டுபோங்கோ.